ஒரே தண்ணீரில் கத்தி இறுகுகிறது, செப்பு இளகுகிறது

கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்பது வன்னியில் காடு வெட்டிய எவருக்கும் தெரிந்த சங்கதி. காட்டுக்கத்தியின் வாய் மழுங்கிப்போனால் கம்மாலைக்குக் கொண்டுபோய்த் தோய்ச்சல் போட்டு வாங்குவார்கள். ஆனால் அதே நெருப்பில் ஒரு செப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அதே தண்ணீரில் போட்டால் நேர்மாறாக நடக்கும். வெளியே எடுக்கும்போது அது நூல்போலத் துவளும். பித்தளைத் தகடும் அப்படித்தான். பாத்திரம் அடிக்கிற கன்னார், தகடு அடிக்கு மடங்காமல் இறுகிப்போனால் அதைக் காய்ச்சித்தான் மறுபடி இளக்குவார்கள்.

உருக்கும் கலப்புலோகம், பித்தளையும் கலப்புலோகம். நெருப்பும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. பிறகு ஏன் ஒன்று இறுகுகிறது, மற்றது இளகுகிறது?

கிளிநொச்சியில் மாலை வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கலப்புலோகம் ஏன் தூய உலோகத்தைவிடக் கடினமானது என்று கேட்டால் பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள்: தூய உலோகத்தில் ஒரே அளவான அணுக்கள் படை படையாக அடுக்கப்பட்டிருக்கும், அந்தப் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்; வேறு அளவான அணு கலந்தால் படைகள் குழம்பி வழுக்க மாட்டா. பிழையில்லாத பதில்தான், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு மேலே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலில் நடுவே ஒரு பெரிய துண்டு விடுபட்டிருக்கிறது. எனக்கு அந்தத் துண்டுதான் முழுக் கதையிலும் பிடித்த பகுதி.

செப்பில் இருந்து தொடங்கலாம். செப்பு அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட படைகளாக இருக்கின்றன. ஒரு படையில் மூன்று அணுக்கள் கூடுகிற இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. மேல்படையின் அணு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேல்படையை நகர்த்த வேண்டும் என்றால் அதன் அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்க வேண்டும். 1 மில்லிமீட்டர் நீளத்தில் வரிசையாகச் சுமார் 40 இலட்சம் செப்பு அணுக்கள் நிற்கும். அப்படியானால் ஒரு படையின் பரப்பு முழுவதிலும் எத்தனை அணுக்கள் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் ஒன்றாக ஏற வேண்டும்.

அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 1926-இல் யாக்கோவ் பிரெங்கெல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் கணக்குப் போட்டார். அவருடைய வழியில் செப்புக்குக் கணக்கிட்டால், 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள படையை அடுத்த படைமேல் வழுக்க ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. உண்மையில் கவனமாக வளர்த்த தூய செப்புப் பளிங்கு ஒன்றை எடுத்து அளந்தால், 100 கிராம் அளவிலேயே அது வழுக்கத் தொடங்கிவிடும். ஏழாயிரம் மடங்கு வித்தியாசம். அளவீட்டில் சின்னப் பிசகு என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசமா இது? படைகள் அப்படி மொத்தமாக வழுக்குவதில்லை என்பதுதான் இதன் பொருள்.

எப்படி வழுக்குகின்றன என்பதற்கு நெல் காயப்போடுகிற படங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய படங்கு, ஈர நிலத்தில் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு முனையைப் பிடித்து முழுதாக இழுத்தால் அசையாது. ஒரு ஓரத்தை ஒரு சாண் தூக்கி உள்ளே தள்ளி ஒரு மடிப்பு உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் மறுகரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால், முழுப் படங்கும் ஒரு சாண் நகர்ந்திருக்கும். எந்த நேரத்திலும் நிலத்தை விட்டு எழுந்தது மடிப்பு இருந்த இடம் மட்டுமே. அணுப் படைகளிலும் அப்படி ஒரு மடிப்பு இருக்கிறது. ஒரு படை பாதியில் முடிந்துபோய், அந்த ஓரம் ஒரு கோடாக உலோகத்துக்குள் ஓடுகிறது. அந்தக் கோட்டை ஒட்டிய ஒரு வரிசை அணுக்கள் மட்டும் பக்கத்துப் பள்ளத்துக்கு மாறும், கோடு ஓர் அணு அளவு நகரும். பிறகு அடுத்த வரிசை. 1934-இல் டெய்லர், ஒரோவன், பொலான்யி என்ற மூவர் ஒரே ஆண்டில் இதே விளக்கத்தை வெளியிட்டார்கள். அந்தக் கோடுகள் நகர்வதைக் கண்ணால் பார்ப்பதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஹேர்ஷும் கூட்டாளிகளும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ரோன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது அவை தெரிந்தன.

இனி இந்தக் கட்டுரை முழுக்க அதை மடிப்புக்கோடு என்றே சொல்கிறேன். விடுபட்ட துண்டு இதுதான். உலோகம் மென்மையாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கோடுகள் தடையில்லாமல் ஓடுவது. உலோகத்தைக் கடினமாக்குவது என்றால் இந்தக் கோடுகளுக்கு முன்னால் தடை போடுவது. தடை எந்த வகை, அது நெருப்பில் நிற்குமா கரையுமா என்பதைப் பார்த்தால் கத்திக்கும் செப்புக்கும் உள்ள வித்தியாசம் தானாகவே வெளிக்கும்.

முதல் தடையை வீட்டிலேயே பார்க்கலாம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பியில் ஒரு சாண் எடுத்து, மேலுள்ள உறையை உரித்துவிட்டு (உறையோடு கொளுத்த வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல) காஸ் அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை பிடித்து, தண்ணீரில் போட்டு எடுங்கள். பென்சிலைச் சுற்றி வளைத்தால் ஒரு விரலுக்கே வளையும். இப்போது அதை நிமிர்த்தி, அதே இடத்தில் திரும்ப வளைக்கப் பாருங்கள். அதே இடத்தில் வளையாது, கொஞ்சம் தள்ளி வளையும். முதலில் வளைந்த இடம் இறுகிவிட்டது. பெருவிரலில் அது நன்றாகவே தெரியும். இன்னும் சில தரம் முன்னும் பின்னும் வளைத்தால் கம்பி முறுக்கேறி, கடைசியில் ஒடிந்துவிடும்.

கம்பிக்குள் புதிதாக எதையும் நாம் கலக்கவில்லை. வளைக்கும்போது மடிப்புக்கோடுகள் ஓடுகின்றன, ஓடும்போதே பெருகுகின்றன. காய்ச்சி இளக்கிய செப்பில் 1 சதுர சென்ரிமீட்டர் வெட்டுமுகத்தைக் குத்திச் செல்லும் கோடுகள் சில பத்து இலட்சம் இருக்கும் என்றால், நன்றாக அடித்து வளைத்த செப்பில் அது பத்தாயிரம் கோடியைத் தாண்டும். வெவ்வேறு படைகளில் ஓடுகிற கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கிக்கொள்கின்றன. கோட்டுக்குக் கோடே தடை. திரும்பச் சிவக்கக் காய்ச்சினால் அணுக்கள் நன்றாக அதிர்ந்து இடம் மாறுகின்றன, சிக்கல்கள் அவிழ்கின்றன, சிக்கலில்லாத புதிய பளிங்குகள் பழையவற்றைத் தின்று வளர்கின்றன. கம்பி மீண்டும் துவளும். பழைய இரும்புக் கடைகளில் வயரைக் கொளுத்திக் குவித்திருக்கும் செப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் துவளல் தெரிந்திருக்கும். இதில் தண்ணீருக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா ஆறவிட்டாலும் செப்பு இளகியேதான் இருக்கும். தண்ணீர் சீக்கிரம் கையில் எடுக்கவும் மேலுள்ள கரியைக் கழற்றவும் மட்டும்தான்.

இப்போது பித்தளை. செப்போடு நாகம், அதாவது துத்தநாகம், சேர்ந்தது. தகடாக அடித்து இழுக்கிற பித்தளையில் வழக்கமாக 70 பங்கு செப்பு, 30 பங்கு நாகம். நாக அணு செப்பு அணுவைவிட நூற்றுக்கு நான்கைந்து பங்கு பெரியது. செப்பின் இடத்தைப் பிடித்து அதே படையில் உட்காருகிறது, ஆனால் சுற்றி நிற்பவர்களைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு. ஓடிவருகிற மடிப்புக்கோடு அந்த இறுக்கத்தில் தட்டுப்படும்.

எவ்வளவு தட்டுப்படும் என்று கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இளக்கிய செப்பின் கடினம் விக்கேர்ஸ் அளவில் 50 அளவில் இருக்கும், இளக்கிய பித்தளை 65 போல வரும். பத்துக்கு மூன்று அணுவை மாற்றிய பிறகும் கிடைப்பது இவ்வளவுதான். அதே பித்தளையை நன்றாக அடித்துத் தட்டினால் 150-ஐத் தாண்டும். ஆக, நம் கையில் இருக்கிற பித்தளைச் செம்பின் இறுக்கத்தில் பெரும்பங்கு அடியில் இருந்து வந்தது. நாகத்தின் நேரடிப் பங்கு சிறியது. வேறு அளவான அணு படையைக் குழப்புகிறது என்ற பாடப்புத்தகப் பதில் பித்தளைக்குப் பொருந்துகிறது, ஆனால் அதைக்கொண்டு பாதி வழிதான் போகலாம் என்பது என் கருத்து.

மறுபாதியில் நாகம் செய்கிற வேலை கொஞ்சம் நுட்பமானது. செப்பின் படைகள் மூன்று வகை இருப்பிடங்களில் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. நான்காவது படை வரும்போது முதலாவதற்கு நேர்மேலே இருக்கும். இந்த ஒழுங்கு ஒரு இடத்தில் தவறினால் தூய செப்புக்கு அது கட்டுப்படியாகாது, சீக்கிரம் சரிசெய்துகொள்ளும். நாகம் கலந்தால் அந்தத் தவறு மலிவாகிவிடுகிறது. அதனால் பித்தளையில் ஒரு மடிப்புக்கோடு இரண்டு அரைக்கோடுகளாகப் பிரிந்து, நடுவே தவறாக அடுக்கிய ஒரு பட்டையை விட்டுக்கொண்டு அகலமாக ஓடுகிறது. செப்பில் ஒரு கோட்டுக்குத் தடை வந்தால் அது பக்கத்துச் சாய்வான படைக்குத் தாவித் தப்பிக்கலாம். அகன்று பிரிந்த கோடு அப்படித் தாவ முடியாது. தன் படையிலேயே ஓடி, தடையில் மோதி, அங்கேயே அடைந்து நிற்கும். பின்னால் வருகிறவையும் அதன் மேலேயே வந்து அடையும். எனவே ஒவ்வொரு அடிக்கும் செப்பைவிடப் பித்தளை கூடுதலாக இறுகுகிறது. நாகத்தின் பெரிய உபகாரம் இதுதான்.

ஒரே பித்தளையில் இரண்டு கடினம் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோது நல்ல உதாரணம். போர் முடிந்த பிறகு இங்கே பழைய உலோகக் கடைகளில் அதைக் காணாதவர்கள் குறைவு. (கண்ணிவெடி அகற்றாத காணிகளில் கண்டால் தொட வேண்டாம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) தட்டையான 70-30 பித்தளை வட்டத்தைக் கிண்ணமாக அழுத்தி, நடுநடுவே காய்ச்சி இளக்கி, நீள நீளமாக இழுத்துத்தான் அதைச் செய்கிறார்கள். அடிப்பாகம் அடிவாங்கிய இறுக்கத்தோடு விடப்படும். கழுத்தை மட்டும் கடைசியில் நெருப்புக் காட்டி இளக்குவார்கள். சில பித்தளைக் கோதுகளின் கழுத்தில் மங்கிய நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் தெரியும், அது அந்த நெருப்பின் தடம். ஏன் இந்தச் சிரமம்? 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே வெடிப்புக் கண்டன. அடித்து இறுக்கிய பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும், குதிரை லாயங்களில் இருந்து வந்த அமோனியாவும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது. இளக்கிய கழுத்தில் அந்த இழுவிசை இருக்காது.

காய்ச்சினால் அடியின் இறுக்கம் போகும், நாகத்தின் சிறு பங்கு மட்டும் மிஞ்சும். செப்பும் பித்தளையும் தண்ணீரில் இறுகாததன் காரணம் இவ்வளவே. நாக அணுக்கள் சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி, அதே படையில், அதே இடத்தில் வசதியாக இருக்கின்றன. வேகமாகக் குளிர்வித்து மாட்டிவைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

உருக்கில் அப்படி மாட்டிவைக்க ஒன்று இருக்கிறது: காபன். காபன் அணு இரும்பணுவைவிட மிகச் சிறியது. அது இரும்பின் இடத்தைப் பிடிப்பதில்லை, இரும்பணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் நுழைகிறது. சாதாரண வெப்பநிலையில் இரும்பு அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் அந்த இடுக்குகள் மிக ஒடுக்கம், காபனுக்குப் போதவே போதாது. நன்றாகச் சிவந்த பிறகு இரும்பு தன் அடுக்கையே மாற்றிக்கொண்டு, செப்பைப்போல நெருக்கமான படைகளாக அமைகிறது. இந்த அடுக்கில் இடுக்குகளின் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. காபன் அதில் தாராளமாகக் கரையும். ஆறும்போது இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும், காபனுக்கு இடமிராது. மெல்ல ஆறவிட்டால் காபன் நகர்ந்து கூடி, இரும்பும் இரும்புக் காபைட்டும் மாறி மாறி வரும் மெல்லிய தகடுகளாகப் பிரிந்துவிடும். புகையிரதத் தண்டவாளம் அந்த வகை உருக்கு. தண்ணீரிலோ ஒயிலிலோ திடீரென்று தோய்த்தால் காபனுக்கு நகர நேரமில்லை. இரும்பு அடுக்கை மாற்றிக்கொள்ளும், காபன் ஒடுக்கமான இடுக்கிலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

அகப்பட்ட காபன் இரும்பணுக்களை ஒரு திசையில் மட்டும் பிளந்து தள்ளுகிறது. நாகம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிறது என்பதால் அதைத் தாண்டிப் போகிற சில வகை மடிப்புக்கோடுகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஒருபக்கமாய்த் தள்ளுகிற காபனிடம் எந்தக் கோடும் தப்பாது. 30 பங்கு நாகம் செப்பின் கடினத்தைப் பதினைந்து புள்ளிதான் கூட்டியது. இரும்பில் நூற்றுக்கு 0.6 பங்கு காபனைத் தோய்த்து மாட்டினால் கடினம் 700-ஐத் தாண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் நான் போகிற கம்மாலை ஒன்றில் காட்டுக்கத்திக்கு எடுக்கிறது லொறியின் வில்லுத்தகடு. நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் காபனும், கொஞ்சம் குரோமியமும் மங்கனீசும் உள்ள உருக்கு அது. நீட்டி அடிக்கும் மேசை ஒரு துண்டுத் தண்டவாளம். போர்க்காலத்தில் வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டுப் பங்கருக்குப் போன கதை தெரியுமல்லவா, அந்த வழியில் வந்ததாக இருக்கலாம், நான் கேட்கவில்லை. ஏன் பச்சைத் தண்ணீரில் தோய்ப்பதில்லை என்று கம்மாலைக்கார அண்ணையிடம் கேட்டேன்.

"உந்தத் தகட்டைத் தண்ணியில போட்டா வெடிச்சுப்போம் தம்பி. இது ஒயிலுக்கே இறுகும்."

அண்ணை சொன்னது முற்றாகச் சரி. குரோமியமும் மங்கனீசும் காபன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே பழைய எஞ்சின் ஒயில் கொடுக்கிற மெதுவான குளிர்ச்சியே போதும். தண்ணீரில் போட்டால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே பிறகு இறுகி விரிய, தோல் கிழியும். வெட்டுவாய்ப் பக்கத்தை மட்டும் ஒயிலில் பிடித்தார், முதுகுப்பக்கம் மேலே நின்றது. எந்தச் சூட்டில் எடுப்பது என்பதற்கு அவரிடம் ஒரு காந்தத் துண்டு கம்பியில் கட்டித் தொங்குகிறது. சிவந்த இரும்பு 770 பாகையில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் ஊதி எடுப்பார். அவருக்குப் பாகைக் கணக்கு வேண்டியதில்லை.

தோய்த்த கையோடு அரத்தை வெட்டுவாயில் வைத்து இழுத்தார். கண்ணாடியில் இழுத்ததுபோல அரம் கடிக்காமல் வழுக்கியது. அந்த நிலையில் கத்தியைக் கொடுத்தால் முதல் பாலை மரத்திலேயே வாய் உதிரும். மடிப்புக்கோடுகள் ஒன்றுமே ஓடாத உலோகத்துக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். அதனால் வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, முதுகுப்பக்கத்தைத் தணலுக்கு மேலே பிடித்தார். சூடு முதுகில் இருந்து வாய்க்கு நகர நகர, பளபளப்பின்மேல் வைக்கோல் நிறம் படர்ந்தது, அதன்பின் பழுப்பு, அதன்பின் ஊதா. வைக்கோல் நிறம் ஏறக்குறைய 230 பாகை, ஊதா 280. மேலே படிகிற ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்புத்தான் அந்த நிறம், உருக்குக்குள் நடப்பதற்கு அது ஒரு வெப்பமானி மட்டும். உள்ளே, அகப்பட்ட காபனில் ஒரு பங்கு கொஞ்சம் நகர்ந்து மிகச் சிறிய காபைட்டுத் துகள்களாகத் திரள்கிறது, இறுக்கம் சற்றுத் தளர்கிறது. ஊதா வாய்க்கு வந்ததும் தண்ணீரில் போட்டுவிட்டார். இந்த முறை தண்ணீர் வெடிக்க வைக்காது, சூடு மேலே போகாமல் நிறுத்த மட்டும்.

இதில் பிழைக்க வழி நிறைய உண்டு. தணலில் அதிகம் கிடந்து வெள்ளைச் சூடு கண்ட உருக்கின் பளிங்குகள் பெருத்துவிடும். ஒடித்துப் பார்த்தால் ஒடிந்த முகம் சீனிபோல மினுங்கும், நல்ல தோய்ச்சலின் முகம் மென்சாம்பலாக மங்கலாக இருக்கும். காற்றுப்பட நெடுநேரம் காய்ந்தால் மேற்தோலின் காபன் எரிந்துபோகும். அப்போது அரம் முதலில் கடிக்கும், தோலைத் தாண்டிய பிறகுதான் வழுக்கும். கட்டடக் கம்பியில் கத்தி அடித்துவிட்டுத் தோய்ச்சல் பிடிக்கவில்லை என்று கம்மாலைக்காரரைக் குறைசொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பியில் காபன் பொதுவாக 0.25 பங்குக்குள்தான். மாட்டிவைக்கப் போதிய காபன் இல்லாத இரும்பை எத்தனை தரம் தண்ணீரில் போட்டாலும் கத்திக்கு வேண்டிய இறுக்கம் வராது. சாணைக் கல்லில் ஒரு தரம் பிடித்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும்: வில்லுத்தகட்டின் பொறிகள் நுனியில் கிளைவிட்டுப் பூப்போல வெடிக்கும், கட்டடக் கம்பியின் பொறிகள் நீளக் கோடாகப் போய் அப்படியே அணையும்.

இப்போதெல்லாம் கத்தி தீட்டக் கம்மாலைக்குப் போவதும் குறைவு. வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாயில் சில செக்கன்களிலேயே நிறம் ஓடும். ஊதா வரை போனால் அவ்வளவு பயமில்லை, காட்டுக்கத்தியை அண்ணை விட்ட இடமும் அதுதான். நீலமும் தாண்டிச் சாம்பலானால் அந்த இடத்தில் காபன் கூடுதலாக வெளியேறி, துகள்கள் பெருத்து, மடிப்புக்கோடுகளுக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே அரம் கடிக்கும், வாய் சுருளும். பிறகு தண்ணீரில் நனைத்து நனைத்துத் தீட்டியும் பலனில்லை. நிறம் மாறின பகுதியைக் குளிரக் குளிர அரைத்து எறிந்துவிட்டுப் புது வாய் எடுக்கலாம், அல்லது கத்தியைத் திரும்பவும் சிவக்கக் காய்ச்சி ஒயிலில் தோய்க்க வேண்டும்.